ஆவி பறக்கும் சோற்றுப் படம்

சோற்றிலிருந்து ஆவி எப்படிக் கிளம்புகிறது என்று யாராவது கேட்டால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை. திருப்பதியில் ஃப்ளெக்ஸ் போர்டும் மெனு கார்டும் அடிக்கிற ஒரு கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நகரி பக்கம். கல்யாணப் போர்டு, பிறந்தநாள் போர்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்து சலித்தவள். ஆனால் என் தலையெழுத்து, ஒரு தட்டு சோற்றில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சோறு என் அக்காவுடையது. ஆஸ்பத்திரிகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவள் ஒரு சின்ன மெஸ் நடத்தினாள். மாமா இறந்த பிறகு பங்காருபாளையம் பக்கத்தில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் தோல் சீவும் வேலைக்குப் போனவள். பழச்சாறும் காம்புப் பாலும் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து போகும். சாப்பாட்டைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்பாள். அதிலிருந்து தப்பி வந்துதான் மெஸ் போட்டாள். சுற்றிலும் சன்ன பச்சரிசிச் சோறு கிடைக்கிற ஊரில், இவள் புழுங்கலரிசி வடித்து, கத்திரிக்காய் காரக்குழம்பு ஊற்றினாள். நோயாளிக்குத் துணையாக வந்து காத்துக்கிடக்கிற, தமிழ் பேசும் நம் பக்கத்து ஜனங்கள் தேடி வந்து சாப்பிட்டார்கள். பிறகு முனையில் கண்ணாடிக் கதவு வைத்து ஒரு ஓட்டல் வந்தது. எல்லோரும் படுக்கையோரமே உட்கார்ந்து ஃபோனில் படம் பார்த்து ஆர்டர் போட ஆரம்பித்தார்கள். அக்காவின் குண்டான் பாதியில் நின்றது.

"ஃபோன்ல நம்ம கடையையும் ஏத்துடி. இல்லாகாட்டி நான் மறுபடியும் மாங்கா சீவத்தான் போவணும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

ஏற்றுவது பெரிய காரியமில்லை. படம் வேண்டும். மெஸ்ஸில் வெள்ளை டைல்ஸ், தலைக்கு மேல் டியூப் லைட். சுடச்சுடப் போட்ட சோற்றை ஃபோனில் எடுத்தால், ஆவி வெள்ளைச் சுவரோடு கலந்து காணாமல் போய்விடும். சோறு சுண்ணாம்பு மாதிரி, குழம்பு சேறு மாதிரி. மதிய அவசரத்தில் கறுப்புத் துணி கட்டி, விளக்கைப் பின்னால் வைத்து, நிதானமாக எடுக்க அங்கே ஏது இடம்? எங்கள் ஓனர் கடைக் கம்ப்யூட்டரில், எழுதிக் கொடுத்தால் படம் வரைகிற ஏ.ஐ.க்கு மாதச் சந்தா கட்டி வைத்திருந்தார். சரி, அதிலேயே செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அடேயப்பா, அது கொடுத்த சோறு! சோறும் குழம்பும், ஆவி பறக்க வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். வந்தது ஒரு பீங்கான் கிண்ணம். அதில் மஞ்சள் குழம்பு, மேலே ஒரு கொத்து கொத்தமல்லி. ஆவி, குப்பை எரிகிற இடத்தில் கிளம்புகிற புகை மாதிரி கிண்ணத்தின் விளிம்பிலிருந்து சுருண்டு சுருண்டு போகிறது. அரிசி ஒவ்வொன்றும் கோத்து வைத்த பாசிமணி. 'ருசியான', 'அழகான', 'மிகத் துல்லியமான' என்று அடுக்கினேன். இன்னும் பளபளத்தது. அந்த மாதிரிச் சொற்கள்தான் படத்தைப் பிளாஸ்டிக் ஆக்குகின்றன என்று புரிய எனக்கு நாளாயிற்று. கரண்டி கூடாது என்று அந்த வரியிலேயே சேர்த்தேன். கரண்டி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ரெண்டு கரண்டி வைத்தது. வேண்டாதவற்றை எழுதத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அதில்தான் போட வேண்டும். தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மெஸ்ஸுக்கே போய் உட்கார்ந்தேன். தட்டில் சோறு வந்தது. தின்னாமல் உற்று உற்றுப் பார்த்தேன்.

"இன்னாடி, சோத்த மொறச்சிக்கினு கீற? துன்னு" என்றாள் அக்கா.

"இரு. ஆவி எங்கேர்ந்து வருதுன்னு பாத்துக்கினு கீறேன்."

"சோத்துலேர்ந்துதான் வரும். பின்ன உன் மண்டையிலேர்ந்தா வரும்?"

பக்கத்தில் சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் பார்த்தால்தானே தெரிகிறது! குவித்த சோற்றின் மேல்பக்கம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. விரலால் பிளந்த இடத்திலிருந்துதான் ஆவி கிளம்புகிறது. மெல்லிசாக, கிழிந்து கிழிந்து, ஒரு சாண் உயரம் போவதற்குள் கரைந்துவிடுகிறது. எவர்சில்வர் தட்டின் உள்விளிம்பில் பொடியாக வேர்த்திருக்கிறது. புழுங்கல் சோறு வெள்ளை இல்லை, பழுப்பேறிய தந்த நிறம். பருத்த பருக்கைகள், சிலது வயிறு வெடித்து, சிலது ஒட்டி ரெண்டு மூன்றாக. குழம்பு சரிவில் வழிந்து அடிச்சோற்றுக்குள் இறங்குகிறது, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்து நிற்கிறது. கத்திரிக்காய்த் தோல் சுருங்கியிருக்கிறது.

இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். 'ஆவி பறக்க' என்பதை எடுத்துவிட்டு, பிளந்த இடத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்து தட்டுக்குச் சற்று மேலேயே மறைகிறது என்று போட்டேன். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து, ஒரு பக்கமாக. பின்னணி இருட்டு, அப்போதுதான் ஆவி கண்ணுக்குத் தெரியும். கேமரா, சாப்பிட உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. கீறல் விழுந்த எவர்சில்வர் தட்டு. புகை, கொத்தமல்லி, கிண்ணம், கரண்டி எல்லாம் வேண்டாத கட்டத்தில். அப்படியும் எத்தனையோ தடவை அரிசி சன்னமாகவே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வடித்த புழுங்கலரிசி, உருண்டை, வெடித்தது என்று மாற்றி மாற்றி எழுதி, ஒரு நாள் வந்தேவிட்டது. பார்த்ததும் எனக்குப் பசித்தது. சத்தியமாகப் பசித்தது.

அக்காவிடம் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். "என் குண்டான்லேர்ந்து எடுத்தாப்புல கீதுடி" என்று சொல்லிக் கண் கலங்கினாள். ஃபோனிலும் ஏற்றினோம், வாசலில் போர்டும் மாட்டினோம். ஆர்டர் வந்தது. குண்டான் காலியானது. சாயங்காலம் மறுபடி உலை வைத்தாள். என் அக்கா சமைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

அந்தச் சந்தோஷம் நிலைத்ததா? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தருக்குச் செய்த டிசைன் கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டரில் கிடக்கும். அடுத்து வருகிறவருக்குப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்போம். ஒரே ரோஜாப்பூ பார்டர் பாதி ஜில்லாவுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறது. அதில் யாருக்கும் எந்த வருத்தமும் வந்ததில்லை. முனையிலிருக்கிற ஓட்டல்காரர் எங்கள் கடைக்கே வந்து, "அந்த மாதிரி" ஒரு படம் கேட்டார். நான் அன்றைக்கு லீவு. ஓனர் ஃபோல்டரைத் திறந்து, நான் எழுதியதை அப்படியே ஒட்டி, ஒரு நிமிஷத்தில் படம் எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு புத்தூருக்கு ஒன்று. சூளூர்பேட்டை ஹைவே ஓட்டலுக்கு ஒன்று. போகிற போக்கில் எல்லார் வாசலிலும் என் அக்காவின் சோறு.

நான் கத்தினேன். "அது எங்கக்கா சோறு சார்!"

"ஏம்மா, இதுல தப்பு ஏமுந்தி? அந்தா கம்ப்யூட்டரே கதா சேசிந்தி. உங்கக்கா சோறு உங்கக்கா குண்டான்லயே இருக்குது, யாரு எடுத்தது?" என்றார் ஓனர். எல்லாம் கம்ப்யூட்டர் செய்ததுதானே என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

முனை ஓட்டலில் அந்தப் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டவர்களுக்குச் சன்ன அரிசியும் மஞ்சள் குழம்பும் போயிருக்கிறது. கோபம் எல்லார் மேலும் சேர்ந்து வந்து விழுந்தது. ஃபோனில் அக்கா கடைக்குக் கீழே ஒருத்தர் எழுதினார்: இது ஏ.ஐ. படம், ஊர் முழுக்க இதே படம், ஏமாற்று வேலை, நம்பி வாங்காதீர்கள். அதைப் பார்த்து இன்னொருத்தர். ஆர்டர் மறுபடி விழுந்தது.

"பொய்ப் படம்னு தானே சொல்றாங்க? நெசமாவே புடிச்சிப் போடு" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு அதற்கென்றே சமைத்தாள். நான் கேமரா இரவல் வாங்கிப் போனேன். ஜன்னலோரம் மேஜையை இழுத்து, பின்னால் கறுப்புத் துணி கட்டினேன். கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு, அவளே விரலால் பிளந்தாள். "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். ஆவி கிளம்பியது. எடுத்தேன். நிஜச் சோறு, நிஜ ஆவி, நிஜக் குழம்பு. இதைவிட நிஜம் உலகத்தில் இல்லை.

ஏற்றினோம். அன்றைக்கே ஒருத்தர் எழுதினார்: இதுவும் கம்ப்யூட்டர்தான், ஆவியைப் பார்த்தாலே தெரிகிறது.

அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? இந்தத் தட்டைப் பார்த்துத்தானே அந்தப் படத்தை எழுதினேன். இப்போது அந்தப் படம் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறார்கள். இது நிஜம் என்று காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது? இன்னொரு படமா? யார் நம்புவார்கள்?

மாங்காய் சீசன் தொடங்கியதும், வேலைக்கு வருவதாக அக்கா ஃபேக்டரிக்குச் சொல்லி அனுப்பினாள். குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கடைசி நாள் மதியம் கொஞ்சமாக வடித்து எனக்கு மட்டும் தட்டு போட்டாள். புழுங்கல் சோறு, கத்திரிக்காய் காரக்குழம்பு. எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

சோற்றை விரலால் பிளந்தேன். ஆவி மேலே வந்தது. என் கண்ணுக்கு முதலில் பட்டது என்ன தெரியுமா? ஆவி கொஞ்சம் அதிகம், குறைக்க வேண்டும் என்பதுதான். சூடு விரலில் சுடுகிறது, வாசனை மூக்கில் ஏறுகிறது, எதிரில் கூடப்பிறந்தவள் உட்கார்ந்திருக்கிறாள். என் கண் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறது.

"இன்னாடி பாக்கற? ஆறிடும், துன்னு" என்றாள் அக்கா.

ஆறத்தான் ஆறியது. அப்புறம்தான் தின்றேன்.