வெள்ளிக்கிழமை வர்த்தமானி

எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் அறிவித்தல் பலகைக்கு எழுதுகிறவன் நான். கவிதை எழுதுகிறவனுக்கு, அரசாங்கக் கட்டளைகள் வெளிவரும் வர்த்தமானியும் விளங்கும் என்று சண்டிலிப்பாயில் எவரோ முடிவெடுத்துவிட்டார்கள். இறக்குமதியாகும் வெங்காயம், கிழங்கு, பருப்பு மீதான தீர்வை என்ற வரி மாறும்போதெல்லாம் அதை அரைப் பக்கமாக்கி, எது மாறியது, எந்தத் திகதியிலிருந்து என்று எழுதி ஒட்டுவேன். வர்த்தமானியின் தமிழில் ஒரே வசனம் மூச்சுவிடாமல் ஒரு பக்கம் ஓடும். அதை வாசிக்கையில் எனக்கு இருப்புக் கொள்ளாது. கால் தானாக ஆடும்.

அந்த வெள்ளிக்கிழமை வர்த்தமானி எனக்கு வருமுன்பே அதன் படம் ஊரெல்லாம் ஓடிவிட்டது. எங்கள் அலுவலகம் இருக்கும் களஞ்சிய வாசலில், கிழங்கு வாங்க வந்த ஒரு யாவாரியின் லொறி உறுமிக்கொண்டு நின்றது. அவன் தன் போனை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தான். களஞ்சியத்துக்குப் பின்னால்தான் அவளுடைய கிழங்குத் தோட்டம். கொடியை வெட்டிவிட்டு, மண்ணுக்குள் கிழங்கின் தோல் முற்றக் காத்திருந்தாள்.

"பாருங்கோ அக்கா, உருளைக்கிழங்கு எண்டு கிடக்கோ இல்லையோ? தீர்வையைக் குறைச்சாச்சு. இனி வெளிநாட்டுக் கிழங்கு வந்து குவியும். இண்டைக்கே கிண்டித் தந்தா நான் சொன்ன விலை. நாளைக்கு வந்தா என்னைக் குறை சொல்லக் கூடாது."

அவள் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். "அண்ணை, உது உண்மையோ? தோல் இன்னும் முத்தேல்லை. இப்ப கிண்டினா உரிஞ்சு போகும். விடவும் பயமாக் கிடக்கு. இந்த முறை கையிலை இருந்த காசு முழுக்க உதிலைதான் போட்டனான்."

"ஒரு அரை மணித்தியாலம் தா, தங்கச்சி."

"அரை மணித்தியாலமோ? லொறி நிக்காது," என்றான் யாவாரி.

"நிக்காட்டிப் போகட்டும். உனக்கு என்ன, கலியாண வீடோ?" உள்ளேயிருந்து எங்கள் தலைவர் குரல் கொடுத்தார்.

வர்த்தமானியில் வந்த புதிய தீர்வைக் கட்டளையைக் கணினியில் இறக்கி அச்செடுத்தேன். படத்தில் கண்டது பொய்யில்லை. அட்டவணையில் உருளைக்கிழங்கு இருந்தது, எதிரே கிலோவுக்கு இவ்வளவு ரூபாய் என்று இருந்தது. ஆனால் அது குறைந்ததா கூடியதா என்று அந்தத் தாள் சொல்லாது. பழைய கட்டளையின் காலம் முடியும்போது மாறினவை, மாறாதவை எல்லாவற்றையும் சேர்த்து அட்டவணை முழுவதையும் திரும்ப அச்சிடுவார்கள். புதிய தாளை மட்டும் பார்க்கிறவனுக்கு எல்லாமே புதிதாய் மாறினதுபோலத் தெரியும்.

ஆகவே பழைய கட்டளை வேண்டும். கணினி சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஹோர்ன். நான் எழுந்தேன், இருந்தேன், திரும்ப எழுந்தேன். பழையதும் வந்ததும் அச்செடுத்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிமட்டம் பிடித்து வரிசை வரிசையாய் இறங்கினேன். பருப்பு, அதே தொகை. கிழங்கு, அதே தொகை. ஒருமுறை போதாமல் இரண்டாம் முறையும் பார்த்தேன். அதே தொகை. பெரிய வெங்காயம் ஒன்றுதான் குறைந்திருந்தது. அதுவும் வர்த்தமானி வெளியான வெள்ளியிலிருந்து இல்லை. 'நடைமுறைக்கு வரும்' என்ற இடத்தில் சனிக்கிழமைத் திகதி இருந்தது.

எழுதினேன்: 'பெரிய வெங்காயம்: தீர்வை குறைந்தது. சனிக்கிழமை முதல்.' கீழே பழைய தொகை, புதிய தொகை. முடிந்தது.

தலைவர் எட்டிப் பார்த்தார். "கெட்டுது போ. பெரிய வெங்காயம் மலிஞ்சா என்ரை சின்ன வெங்காயத்தை ஆர் தேடுவான்?"

அவளும் வாசித்தாள். தாளை மறுபக்கம் திருப்பியும் பார்த்தாள். "கிழங்கைக் காணேல்லை?"

"மாறினதை மட்டும்தான் எழுதுறனான். கிழங்கு மாறேல்லை."

"மாறேல்லை எண்டதை எங்கை எழுதியிருக்கிறியள்? இதைப் பார்க்கிற சனம் அவன்ரை போனிலை கிழங்கைக் காணும், உங்கடை தாளிலை காணாது. ஆரை நம்பும்?"

தாளைக் கிழித்துப் புதிதாகத் தொடங்கினேன். முதல் வரியில், பெரிய எழுத்தில்: 'உருளைக்கிழங்கு: மாற்றம் இல்லை. பழைய தீர்வையே தொடரும்.' வெங்காயம் அதற்குக் கீழே போயிற்று. வாசல் பலகையில் ஒட்டினேன்.

"அப்ப விலை விழாதோ, அண்ணை?"

"அது வர்த்தமானியிலை இல்லை, தங்கச்சி. தீர்வை மாறேல்லை எண்டுதான் என்னாலை சொல்ல ஏலும்."

அவள் களஞ்சியத்தின் மூலைக்குப் போய்த் தன் தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு யாவாரியிடம் போனாள். "நீர் போம், தம்பி. தோல் முத்தினாப் பிறகு வாரும்."

"பிறகு நான் வராட்டி?"

"வேறை லொறி வரும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு லொறியை எடுத்தான். செம்மண் புழுதி பலகைத் தாளில் படிந்தது.

"விலை விழுந்துதோ, உங்களைத்தான் ஏசுவன்," என்றாள் சிரிக்காமல்.

தோல் முற்றும் வரைக்கும் நான் தினமும் கொழும்புச் சந்தையில் கிழங்கு விலையைப் பார்த்தேன். ஒரு நாள் ஏறியது, ஒரு நாள் இறங்கியது. ஒருநாள் காலை களஞ்சியத்துக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அவள் ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாள். தோல் அசையவில்லை.

"விலை?" என்றேன்.

"இன்னும் கேக்கேல்லை," என்று அடுத்த கிழங்குக்குக் குனிந்தாள்.