அம்மாவின் மூக்குக்கு ஒரு டைம்டேபிள்

அம்மாவின் வலது முட்டியை மாற்ற விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். இருபத்தைந்து வருஷம் நாற்று நட்ட முட்டி. இப்போது ஒலக்கூர் பஸ் ஸ்டாப் வரைகூட அம்மாவால் நடக்க முடிவதில்லை.

அதற்கு முன்னால் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுச் சோதித்தார்கள். ஒரு கிருமி இருந்தது. "பயப்படாதீங்க, நோய் இல்ல. நெறைய பேர் மூக்குல சும்மா குடியிருக்கும். ஆபரேஷன் புண்ணுல போய் உக்காந்தாதான் வம்பு. புது முட்டியையே கெடுத்துடும்" என்று வார்டு சிஸ்டர் விளக்கி, ஒரு சின்ன ஆயின்மென்ட் டியூபும், கிருமி போகக் குளிக்க ஒரு மருந்துத் தண்ணீரும் கொடுத்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஐந்து நாள். மொத்தம் பத்து வேளை.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். சும்மா விடுவேனா? ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். சனிக்கிழமை காலை சோப்புப் போட்டுக் கை கழுவி, பட்ஸ் நுனியில் தீக்குச்சித் தலை அளவு மருந்தெடுத்து, ஒரு துவாரத்துக்கு ஒரு நுனியாகத் தடவி, மூக்கை இரு பக்கமும் பிடித்து மெல்லத் தேய்த்துவிட்டேன்.

"மூக்குக்கு டைம்டேபிள் போட்ட மொத ஆளு நீதான்டா" என்றார் அம்மா. "பரிச்சை எப்போ வைப்ப?"

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்காவது வேளைக்காக டியூபோடு பின்பக்கம் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தும்மல். இன்னொரு தும்மல். முந்தானையில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கறை.

"என்னம்மா இது?"

"தூசுடா."

மடியில் மூக்குப்பொடி டப்பி இருந்தது. விட்டு ரெண்டு வருஷம் ஆகிறதென்று டாக்டரிடமே சொன்ன பொடி.

"நான் மருந்து போட்டுட்டுப் போனதும் பொடி போட்டுக்கினு இருந்தியா?"

"ஒரு சிட்டிகைதான். நீ போடற மருந்து உள்ள போறதுக்கு வழி பண்ணேன்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

போட்ட மூன்று வேளையும் முந்தானையில். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டால்? இந்த நாள் கிடைக்கவே நான்கு மாதம் காத்திருந்தோம். வார்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சிஸ்டர் சிரித்தது கேட்டது. டாக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "போட்டது கணக்குல வேணாம். இன்னிக்கு சாயந்தரத்துல இருந்து ஒண்ணுன்னு எண்ணுங்க. ஆபரேஷன் அதே வியாழக்கிழமைதான். மீதி வேளைய அப்புறமும் வார்டுலயே போட்டு முடிச்சிடலாம். பத்தோட நிறுத்திடணும். டியூபு மிச்சம் இருக்குன்னு போட்டுக்கினே இருந்தா கிருமி அதுக்குப் பழகிடும், அப்புறம் மருந்து கேக்காது. பொடிய மட்டும் இன்னையோட நிறுத்தச் சொல்லுங்க."

நாள் மாறவில்லை, பொடிதான் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். நான் போனில் பேசியதைக் கேட்டே அவர் முகம் வாடியிருந்தது. "என்னால நாள் மாறிடுமோன்னு இருந்துச்சு" என்று டப்பியை என்னிடம் நீட்டினார். பழைய அட்டவணையைக் கிழித்துப் புதிதாகக் கட்டம் போட்டேன்.

புதனன்று ஆட்டோவில் திண்டிவனம் போய், பஸ் பிடித்து அம்மாவை விழுப்புரத்தில் அட்மிட் செய்தேன். அட்டவணையைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வியாழன் காலை வேளையை நானே போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலையில் அடுத்ததை மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தவருக்கு சிஸ்டர் போட்டார். வெள்ளிக்கிழமை காலை மறுபடி நான் போட்டேன்; பகலில் வாக்கரைப் பிடித்து அம்மா எழுந்து நின்று நாலடி நடந்தார்.

அன்று மாலை நான் மறுபடி பட்ஸை எடுத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பத்து காலைலயே ஆயிடுச்சு."

"இல்லம்மா, இதுதான் பத்து."

"நாத்து முடிக் கட்ட எண்ணி எண்ணி வயலுக்குக் குடுத்தவ நான். கட்டம் போட்டவனுக்கே கணக்கு வர்ல." விரல்கணுவைத் தொட்டுக் காட்டினார். "ஞாயித்துக்கிழம சாயந்தரம் ஒண்ணு. அப்புறம் நாலு நாளு, எட்டு. இன்னிக்குக் காலைல ஒண்ணு."

எண்ணிப் பார்த்தேன். சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "சேஃப்டிக்கு இன்னொண்ணு போட்டுக்கலாமேம்மா."

பக்கத்துக் கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பாமலே சொன்னார்: "சேஃப்டியெல்லாம் பத்தோட முடிஞ்சிது. அம்மா சொல்றதக் கேளுங்க சார்."

"கேட்டியா? பேஜாரு பண்ணாத. அத்த அப்பிடி வச்சிட்டு இந்த வாக்கரப் புடி, ஜல்தி. பாத்ரூம் போணும், நானே நடந்து போறேன்" என்றார் அம்மா.