திரும்பி வந்த கேள்வி

பதினொரு வருடமாக வானொலிக்குப் பேட்டி எடுக்கும் அவள், ஓய்வுபெற்ற கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரை, அவர் பணியில் கண்ட ஒரு புயல் இரவைப் பற்றிக் கேட்க, அன்று வீடியோ அழைப்பில் பிடித்தாள். கணினியில் வரும் எதிர்முனைக் குரலை, அதை அப்படியே பதிவுக்குத் திருப்பிவிடும் லூப்பேக் வழியாக ஒரு தடத்திலும், ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் மைக்கைத் தனித் தடத்திலும் பதிவு செய்வாள். சோதித்தபோது, அவர் தடத்தில் அவள் கேள்வியும் சற்றுத் தாமதமாகக் கேட்டது. தன் மைக் லூப்பேக்கில் கலக்கவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டாள்.

“ஐயா, ஸ்பீக்கர்ல கேக்குறீங்களா?”

“ஆமாம்மா. காது மந்தம், சத்தமா வச்சிருக்கேன்.”

“அதான் என் குரல் உங்க மைக்ல ஏறித் திரும்பி வருது. இயர்போன் மாட்டிக்குங்க.”

மாட்டினார். மறுசோதனையில் அவர் குரல் மட்டும் சுத்தமாக இருந்தது.

“இப்ப அந்தப் புயல் ராத்திரியைச் சொல்லுங்க” என்றாள். அவர் ஒரு மணி நேரம் நிறுத்தவேயில்லை. அவளும் குறுக்கிடவில்லை.