கிலோமீட்டருக்கு இருபத்து நான்கு செகண்டு

கிருஷ்ணப்பன் எழுதிய துண்டுச் சீட்டை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. ஆறு வருஷம் ஆகிறது. சே, எழுபத்து மூன்றிலே நடந்த காரியம்!

சவுரியப்பன் பென்னாகரம் மரக்கிடங்கில் கட்டை தூக்குகிறவன். எதிரே என்னுடைய கடிகார ரிப்பேர் கடை. வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டான். ஓட விட்டால் மட்டும் அவனைப் பிடிக்க முடியாது. தர்மபுரிப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஓட்டக்காரர்களை நிரந்தர வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து என்னிடம் சொன்னான். ஐந்து கிலோமீட்டரைப் பதினெட்டு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். இருபத்திரண்டு வயசு தாண்டினால் சேர்க்கமாட்டார்கள். அவனுக்கு அந்த வருஷம்தான் இருபத்திரண்டு.

ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே போனேன். கிலோமீட்டர் கல்லுக்குக் கல் நான்கு நிமிஷம், மொத்தம் சரியாக இருபது. இரண்டு நிமிஷம் குறைக்க வேண்டும்.

மில்லின் விளையாட்டு அதிகாரிதான் இந்தக் கிருஷ்ணப்பன். இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. சவுரியின் நேரத்தைக் கேட்டதும் சீட்டில் கணக்குப் போட்டார். இரண்டை ஐந்தால் வகுத்தால் புள்ளி நாலு. அதைப் புள்ளி நாற்பது என்று எழுதி, "கிலோமீட்டருக்கு நாப்பது செகண்டு கொறை. மூணு நிமிஷம் இருபதுல ஓடு" என்று நீட்டினார்.

நான் பகல் முழுக்க செகண்டு முள்ளோடு குடும்பம் நடத்துகிறவன். நிமிஷத்துக்கு அறுபது செகண்டு. அதில் புள்ளி நாலு என்றால் இருபத்து நான்கு. நாற்பது செகண்டை ஐந்து தடவை குறைத்தால் மொத்தத்தில் மூன்று நிமிஷம் இருபது செகண்டு போய்விடும், அது எதற்கு? ஒரு கிலோமீட்டரை மூன்று முப்பத்தாறில் ஓடினால் போதுமே!

"சார், இருபத்து நாலுதானுங்க வரும்" என்றேன்.

"வாட்சுக்கு எண்ணெய் போடறவன் எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் கூடவே இளித்தார்கள். அந்த இளிப்பைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

சவுரியைத் தனியாகக் கூட்டிப் போய் ஒவ்வொரு கல்லிலும் மூன்று முப்பத்தாறு என்று கத்தி ஓட வைத்தேன். மூன்றாம் வாரம் பதினேழு ஐம்பத்தெட்டில் வந்து நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டே, "பாய், வேலை கெடச்ச மாதிரிதானுங்க" என்றான். வீட்டுக்குப் போய் அக்கா லூர்துமேரியிடமும் சொல்லிவிட்டான்.

தேர்வு அன்றைக்குப் பென்னாகரம் ரோட்டில் எட்டுப் பேர். கிருஷ்ணப்பன் ஜீப்பில் ஏறி நின்று, "நான் சொன்ன வேகத்துல ஓடாதவனை, முன்னால வந்தாலும் எடுக்கமாட்டேன்" என்று அறிவித்தார். சவுரி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் ஜீப்பைப் பார்த்தான். வேலை கொடுக்கிறவர் அவர்தானே.

முதல் கல் மூன்று இருபது. "சபாஷ்!" என்றார் கிருஷ்ணப்பன். இரண்டாவது மூன்று இருபத்தைந்து. மூன்றாவதில் முகம் வெளுத்து மூன்று ஐம்பது ஆனது. நான்காவதில் காலை இழுத்துக்கொண்டு நான்கு பத்து. கடைசிக் கல்லுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான், மூன்று ஐம்பத்தைந்து. மொத்தம் பதினெட்டு நிமிஷம் நாற்பது செகண்டு.

கிருஷ்ணப்பன் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. "இவனுங்களுக்குத் தம்மே கெடையாது. அடுத்த ஆளைப் பாரு" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவருடைய சீட்டையே நீட்டி, "நாப்பதை அஞ்சால பெருக்குங்க சார், ரெண்டு நிமிஷம் வருதா?" என்றேன். உதட்டை அசைத்துப் பெருக்கினார். புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில், அந்த இரண்டு பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். தூ! மனுஷனா அவன்? தப்பு செய்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த மடிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சவுரி கல்லின் மேல் உட்கார்ந்து செருப்பில்லாத காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பாய், நாப்பது செகண்டுதான தாண்டிடுச்சு. கிலோமீட்டருக்கு எவ்வளவு கொறச்சிருந்தா வந்திருக்கும்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டால் பதில் சொல்கிற வாய் எனக்கு.

"எட்டு" என்றேன்.

"எட்டுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மறுநாள் காலையில் மரக்கிடங்கில் கட்டை தூக்கினான். இன்றைக்கும் அங்கேதான் தூக்கிக்கொண்டிருக்கிறான்.