மஞ்சள் காரைத் தேடிய தாத்தா

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் பிதுங்கி வழிந்தாலும், டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் கண்டக்டர் சகாதேவன். ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு அந்தக் கண்ணே அவரை ஏமாற்றத் தொடங்கியது. கண் அழுத்த நோய். போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். டப்ளினில் இருக்கும் மகன் அறிவுச்செல்வனிடம் இவர் மூச்சு விடவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் முழுக்க ஆஸ்பத்திரிப் பேச்சாகிவிடும். நாலு வயசுப் பேரன் இனியனோடு விளையாட முடியாது. மனுஷனுக்கு வாரத்தில் இருந்ததே அந்த ஒரு சந்தோஷம்தான்.

விளையாட்டு இதுதான். அங்கே மகன் அறிவு போனை மேசைமேல் சாய்த்து வைப்பான். தாத்தா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இனியன் தன் மஞ்சள் காரை, திரையில் கொஞ்சமாவது தெரிகிற மாதிரி எங்காவது ஒளித்து வைப்பான். தாத்தா கண்ணைத் திறந்து கண்டுபிடிக்க வேண்டும். சகாதேவனுக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் புகை. அதனால் மனைவி எல்லம்மாள் கேமராவில் படாமல் ஒட்டி உட்கார்ந்து, "சோபா மேல கீது" என்று காதில் ஓதுவாள். அவர் உரக்கச் சொல்வார். பேரன் குதிப்பான்.

ஆனால் போனுக்குக் காது ஜாஸ்தி. ஒரு ஞாயிறு இனியன் கண்டுபிடித்துவிட்டான்.

"பாட்டி சொல்லிக் குடுக்கறாங்க! சீட்டிங்! பாட்டி வெளிய போங்க!"

எல்லம்மாள் தயங்கினாள். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார் சகாதேவன். வெறும் வீம்பு. அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"சோபா கீழ?"

"இல்ல."

"ஜன்னலாண்ட?"

"இல்ல தாத்தா!" முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "சரி, ரொம்ப ஈசியா வெக்கறேன். இப்ப பாரு."

சகாதேவன் போனை மூக்கருகே கொண்டுபோனார்.

"கட்டிலுக்கு அடியில?"

அந்தப் பக்கத்திலிருந்து இனியனின் அழுகைக் குரல்: "தாத்தா என்னப் பாக்கவே மாட்டேங்கறாரு." குட்டிக் கால்கள் ஓடிப்போகும் ஓசை கேட்டது.

அறிவு போனை எடுத்தான். "அப்பா, கார அவன் தலைமேலதான்பா வெச்சினு நின்னான்." பிறகு, "கண்ணு தெரியலியாப்பா?" என்றான்.

சகாதேவன் போனை மூக்கருகிலிருந்து விலக்கினார். "கம்மியாயிடுச்சுடா" என்றார்.

அடுத்த ஞாயிறும் கால் வந்தது. எந்த டாக்டர், என்ன மருந்து, ரிப்போர்ட்டை ஏன் அனுப்பவில்லை என்று அறிவு விடாமல் கேட்டான். நல்ல மகன், குறை சொல்ல முடியாது. பின்னால் எங்கோ இனியன் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

"புள்ளையக் கூப்புடுடா."

"அவன் வெளையாடறான்பா. நீங்க சொல்லுங்க, மருந்த வேளாவேளைக்குப் போடறீங்களா?"

"போடறேன்" என்றார் சகாதேவன்.