முட்டத்துச் சுவரில் மாட்டிய போல்ட்

எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் ரப்பர் வெட்டினேன், லாரியில் ஓடினேன், கத்தாரில் கம்பி கட்டினேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. போன வருடம் அருமனைக்காரர் ஒருவரோடு சேர்ந்து வீடுகளில் குழாய், கம்பி மாட்டும் பிட்டிங் வேலை செய்தேன். அப்போதுதான் முட்டத்து வேலை வந்தது.

கடலை ஒட்டிய வீடு. வீட்டுக்காரர் வள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேசன் முடிந்து அன்று மாலை வீட்டுக்கு வருகிறார். கழிப்பறையில் பிடித்து எழும்ப ஒரு கம்பி வேண்டும். இன்னொரு தடவை விழுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அவிய வாறதுக்குள்ள முடிச்சுத் தந்துருங்க அண்ணே” என்றார் அவர் மனைவி.

நீளமான எவர்சில்வர் தகட்டில் பற்றவைத்த கம்பி. தகட்டின் இரண்டு கோடியிலும் போல்ட் அடித்தால் தீர்ந்தது. ஆனால் தகட்டின் நடு வந்து உட்காரும் இடத்தில் சுவரிலிருந்து ஒரு பழைய போல்ட் நகக்கண் அளவு துருத்திக்கொண்டிருந்தது. அந்த அறை முன்பு வள்ளத்து எஞ்சின் வைத்த இடம். எஞ்சினைத் தாங்கிய ஸ்டாண்டின் போல்ட் அது. உப்புக்காற்றில் நட்டும் மரையும் அரித்துப்போய் முளை மட்டும் மிச்சம். தகடு அதன்மேல் ஆடியது. ஆடுகிற கம்பியை நம்பி ஒருவர் எழும்ப முடியாது.

கிரைண்டரால் அறுக்கலாம் என்றால், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. அறுக்கும் வட்டைச் சுவரோடு படுக்கவைக்க இடமில்லை. நான் பிளையரால் கவ்வி, கடப்பாரையை நெம்புகோலாக வைத்து இழுத்தேன். அது ஒரு மயிரிழை வெளியே வந்து நின்றது. பிறகு அசையவே இல்லை.

“இழுக்காத மக்கா. இழுக்க இழுக்க அது இறுகத்தான் செய்யும்” என்றார் அருமனைக்காரர்.

“அது எப்படி?”

அவர் பையிலிருந்து புது போல்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்முனை கூம்புபோல் தடித்திருந்தது. அதைச் சுற்றி மெல்லிய இரும்பு வளையம். வெளியே இழுத்தால் கூம்பு வளையத்துக்குள் ஏறி அதை விரிக்கும். விரிந்த வளையம் கான்கிரீட்டைக் கவ்வும். எத்தனையோ போல்ட் அடித்திருக்கிறேன். ஒன்றைக்கூட இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை.

“அப்ப உள்ள அடிச்சா?”

“உள்ள எடம் இருந்தாப் போவும். போல்ட் நீளத்துக்கே ஓட்டை போட்டிருந்தா எங்க போவ? தலைதான் சப்பும்.”

போல்ட்டே அடைத்துக்கொண்டிருக்கும் துளையின் ஆழத்தை எப்படி அளப்பது? எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. அந்த அம்மாவிடம் யார் துளையிட்டது என்று கேட்டேன்.

“வேற யாரு, அவியதான்.”

ஆஸ்பத்திரியில் இருந்த கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “ஓய், அந்த எஞ்சின் போல்ட்டுக்கு எம்புட்டு ஆழத்துக்குத் தொளச்சிய?”

“கம்பி முழுசும் உள்ள போயி டிரில்லுக்க மூக்கு செவுத்துல முட்டுற வரைக்கும். எஞ்சின் கனம் தெரியாதா? ஆழமாப் போனாத்தானே பிடி நிக்கும்?”

அருமனைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கூம்பும் வளையமும் கவ்வும் இடத்தில்தான் பிடி. அதற்குப் பின்னால் எத்தனை ஆழம் இருந்தாலும் அது வெறும் பொந்து. மனுசன் கடலில் நங்கூரத்துக்குப் பார்க்கிற கணக்கைச் சுவருக்கும் பார்த்திருக்கிறார்.

“அந்த டிரில் கம்பி கெடக்கா?” என்று கேட்டேன். அந்த அம்மா பரணிலிருந்து எடுத்து வந்தார். சுவரில் இருப்பது போன்ற எங்கள் போல்ட்டைவிட நான்கு விரல் நீளம் கூடுதல்; அவ்வளவும் பின்னால் பொந்து. சுவர் அதைவிடத் தடிமன். இருந்தாலும் அந்தப் பக்கம் அடுப்படி.

“அங்க போயி செவுத்துல கைய வச்சிருங்க. பொருபொருன்னு வந்தா சத்தம் போடுங்க” என்று அந்த அம்மாவை அனுப்பினார் அருமனைக்காரர்.

துளையைவிட ஒல்லியான பஞ்ச் என்ற இரும்புக் குச்சியை முளைமேல் நேராக வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் சுத்தியலால் அடித்தார். முதல் பத்து அடிக்கு ஒன்றுமில்லை. கல்லில் அடித்தது போல் கணீரென்று சத்தம். கை மரத்தது. பிறகு ஒரு அடியில் சத்தம் மங்கியது. பஞ்ச் என் பிடிக்குள் ஒரு நெல் அளவு இறங்கியது.

“போவுது!” என்றேன்.

“இங்க ஒண்ணும் இல்ல, அடியுங்க!” என்று அடுப்படியிலிருந்து குரல்.

முளையை இரண்டு விரல் ஆழம் உள்ளே தள்ளிவிட்டு, துருத்தூளை ஊதி எடுத்து, துளையைச் சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைத்தோம். தகடு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது. கோடிகளில் எவர்சில்வர் போல்ட்கள் அடித்தோம். நான் கம்பியில் முழு உடம்பையும் தொங்கவிட்டுப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் நாலரைக்கு வந்தது. இரண்டு பேர் தாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் கம்பியை ஒரு கையால் பிடித்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முகம் வியர்த்தது. கம்பி அசையவில்லை.

கழிப்பறை வாசலில் நின்றிருந்த எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, “கூத்தா நடக்கு இங்க? கதவச் சாத்திட்டுப் போங்கலே” என்றார்.