கணவர் பெயர்க் கட்டம்

பிரவுசிங் சென்டர் அக்காவிடம் அடம்பிடிக்கும் விண்ணப்பம் ஒன்றுதான், விதவை உதவித்தொகை. எந்தப் புண்ணியவான் செய்த பக்கமோ, ‘விதவை’ என்று தேர்ந்தெடுத்தால் கணவர் பெயர்க் கட்டம் மறைந்துவிடும். ஆனால் அது காலியாக இருந்தால் ‘சமர்ப்பி’ பொத்தான் வேலை செய்யாது. காரணமும் சொல்லித் தொலைக்காது.

“ஒண்ணுமில்லம்மா. ‘திருமணமானவர்’னு மாத்தி, பேரைப் போட்டுட்டு, திரும்ப ‘விதவை’ன்னு மாத்தினா போயிடும்.”

எத்தனையோ பேருக்கு முகத்தைக்கூடப் பார்க்காமல் இப்படி முடித்துக் கொடுத்திருக்கிறாள்.

இன்று விண்ணப்பம் அவளுடையது. ‘திருமணமானவர்’ என்று மாற்றினாள். கட்டம் வந்தது. அவர் பெயரை அடித்தாள். இனி ‘விதவை’க்கு மாற்ற வேண்டும். கை வரவில்லை.

“என்னக்கா, சர்வர் மாட்டிக்கிச்சா?” என்றாள் வரிசையில் நின்றவள்.

“ஆமாம்மா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”